ஆடிப்பட்டத்துக்குள் ஒரு புனல்: ஃபாலோயரை மின்னஞ்சலுக்கும், மின்னஞ்சலிலிருந்து விற்பனைக்கும் கொண்டுவருவது எப்படி?

2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளை இந்திய அரசு தடை செய்தது. லட்சக்கணக்கில் ஃபாலோயர் வைத்திருந்தவர்களுக்கு ஓரிரு நாளில் அந்தக் கூட்டம் இல்லாமல் போனது. அவர்களில் ஒருவரைக்கூடத் தேடிப் பிடிக்க வழியில்லை. பெயர் தெரியாது, ஊர் தெரியாது, முகவரி தெரியாது. அந்தத் தகவலெல்லாம் செயலியிடம் இருந்தது, நம்மிடம் இல்லை.

தடைவரை போக வேண்டாம், சாதாரண நாளிலும் நிலைமை இதுதான். நீங்கள் போடும் ரீல் உங்கள் ஃபாலோயரில் எத்தனை பேர் கண்ணில் படும் என்பதை இன்ஸ்டாகிராம் தீர்மானிக்கிறது. மின்னஞ்சல் முகவரி அப்படியில்லை. அதை ஒரு கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். அனுப்பும் சேவை பிடிக்கவில்லை என்றால் பட்டியலோடு வேறு சேவைக்குப் போகலாம்.

"நம்ம ஊர்ல யாருங்க மெயில் பாக்குறாங்க, எல்லாரும் வாட்ஸ்அப்லதானே இருக்காங்க" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வாட்ஸ்அப்பின் சாதாரண பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. அதிலும் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். அதைத் தாண்ட வேண்டுமென்றால் வணிகத்துக்கான கட்டணச் சேவைக்குப் போக வேண்டும், அங்கே விளம்பரச் செய்தி ஒவ்வொன்றுக்கும் காசு. ஆர்டர் வந்துவிட்டது, பார்சல் கிளம்பிவிட்டது என்று சொல்ல வாட்ஸ்அப்பை விடச் சிறந்தது இல்லை. ஆறு வாரம் பொறுமையாகப் பேசி ஒருவரை வாங்கும் இடம்வரை கூட்டி வர மின்னஞ்சல்தான் ஏற்றது.

ஃபாலோயர், மின்னஞ்சல், விற்பனை என்ற இந்த மூன்று கட்ட வழியைத்தான் ஃபனல் என்கிறார்கள். தமிழில் புனல். மேலே அகலம், கீழே குறுகல். (பழந்தமிழில் புனல் என்றால் ஆற்று வெள்ளம். ஆடியில் வருவது புதுப்புனல். நாம் எடுத்துக்கொள்ளப்போகும் உதாரணமும் ஆடி மாதத்தோடு சேர்ந்ததுதான்.)

கோவையில் ஒரு அக்கா மாடித்தோட்டம் பற்றி இன்ஸ்டாகிராம் பக்கம் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். 12,000 ஃபாலோயர். ஆடிப்பட்டத்துக்கு முன் ஒரு விதைத் தொகுப்பை விற்க நினைக்கிறார். அவரும் அவர் கணக்கும் கற்பனை. கீழே வரும் விழுக்காடுகளை நான் கணக்குப் போட்டுக் காட்டவே வைத்திருக்கிறேன், உங்கள் பக்கத்தில் அவை வேறாக இருக்கும். வழிமுறை மாறாது.

முதல் படி: கீழிருந்து தொடங்குங்கள்

பெரும்பாலோர் மேலிருந்து தொடங்குகிறார்கள். முதலில் இலவசமாக ஏதாவது கொடுத்து மெயில் சேர்ப்போம், என்ன விற்பது என்று பிறகு பார்ப்போம் என்பார்கள். இது தலைகீழ். என்ன விற்கப் போகிறோம் என்று தெரியாதவரை, இலவசமாக எதைக் கொடுப்பது என்று முடிவெடுக்கவே முடியாது.

அக்கா விற்கும் தொகுப்பில் கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டை, அவரை, கொத்தவரை என ஆறு விதைப் பொட்டலம், ஒரு குழித்தட்டு, 650 கிராம் தென்னை நார்க்கழிவுக் கட்டி ஒன்று, கொஞ்சம் வேப்பம் பிண்ணாக்கு. முதலில் 5 கிலோ நார்க்கழிவுக் கட்டியை வைக்கத்தான் ஆசைப்பட்டார். பார்சல் செலவைக் கேட்டதும் விட்டுவிட்டார். கூரியரில் எடைதான் லாபத்தைத் தின்னும்.

விலை, தபால் செலவு சேர்த்து 449 ரூபாய். பொருளுக்கு 190, பார்சலுக்கு 90, அட்டைப் பெட்டிக்கு 15, பேமென்ட் கேட்வேக்கு 2 விழுக்காடும் அதன் மேல் ஜிஎஸ்டியும் சேர்ந்து சுமார் 11. மொத்தம் 306. ஒரு தொகுப்புக்கு 143 ரூபாய் மிஞ்சும்.

இந்தப் பொருளுக்கே உரிய இரண்டு விஷயங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். விதை விற்பதற்கு 1983-ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி உரிமம் வேண்டும். உரிமம் வரும்வரை விதையை உள்ளூர்க் கடையில் வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு மற்றதை மட்டும் தொகுப்பாக விற்கலாம். அடுத்து, வரிக்குரிய பொருளை வேறு மாநிலத்துக்கு அனுப்பினால், விற்பனை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். அதனால் முதல் பட்டத்தில் தமிழ்நாட்டுக்குள் மட்டும் அனுப்புவது என்று அக்கா முடிவெடுக்கிறார்.

இனி நாள். ஆடி 1 என்பது ஜூலை 17-ஐ ஒட்டி வரும். அதற்குள் பார்சல் கைக்குப் போய்ச் சேர வேண்டும். கட்டுவதற்கு இரண்டு மூன்று நாள், கூரியருக்கு இரண்டு முதல் நான்கு நாள். ஆகவே ஜூலை 10-ல் ஆர்டரை மூடினால்தான் சரிப்படும். ஜூலை 3-ல் விற்பனையைத் திறக்கலாம். அதற்கு முந்தைய ஆறு வாரம், அதாவது மே 22 வாக்கிலிருந்து, மெயில் சேர்க்கும் காலம்.

இந்தக் கெடு உண்மையான கெடு என்பதைக் கவனியுங்கள். "இன்னும் 3 மணி நேரமே" என்று பொய்யாக ஓடும் கடிகாரம் இதில் இல்லை. ஆடியில் விதைக்க வேண்டும் என்பது வாங்குபவருக்கே தெரியும். உங்கள் தொழிலில் இப்படி ஒரு இயற்கையான நாள் இருக்கிறதா என்று தேடுங்கள். பள்ளித் திறப்பு, முகூர்த்த மாதம், தீபாவளி, தேர்வுக் காலம் என ஏதாவது ஒன்று இருக்கும்.

இரண்டாம் படி: இலவசம் எங்கே முடிய வேண்டும்?

இந்த வழிகாட்டியில் நான் அதிகம் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்தப் படியைத்தான்.

அக்காவுக்கு முதலில் தோன்றியது, "12 மாத மாடித்தோட்ட நாட்காட்டி". அழகாக இருக்கும், எல்லோருக்கும் பிடிக்கும், நிறையப் பேர் மெயில் கொடுப்பார்கள். சிக்கலும் அதுதான். மாடியே இல்லாதவர், "என்றாவது ஒருநாள்" செடி வைக்க நினைப்பவர், படம் நன்றாக இருக்கிறது என்று வாங்கி வைப்பவர் எல்லோரும் அதற்குள் வருவார்கள். நாட்காட்டியைப் படித்து முடித்ததும் செய்ய வேண்டிய அடுத்த வேலை என்று ஒன்றும் இருக்காது.

அதற்குப் பதில் "ஆறு பை, முதல் 45 நாள்" என்று ஆறே பக்கத்தில் ஒரு கையேடு. முதல் பக்கத்தில் உங்கள் மாடியில் எங்கே ஆறு மணி நேரம் வெயில் விழுகிறது என்று கண்டுபிடிக்கும் முறை. அடுத்தது மண், தொழுவுரம், நார்க்கழிவு மூன்றையும் சம அளவில் கலப்பது. மூன்றாவது, கத்தரி, தக்காளி, மிளகாயை ஏன் குழித்தட்டில் நாற்றாக்கி 25 முதல் 30 நாளில் மாற்றி நட வேண்டும், வெண்டை, அவரை, கொத்தவரையை ஏன் நேரடியாகப் பையிலேயே ஊன்ற வேண்டும் என்ற விளக்கம். அடுத்த இரண்டு பக்கம் நாள்வாரியாக வேலைகள். கடைசிப் பக்கத்தில் தேவையான பொருட்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் டிக் போட ஒரு கட்டம்.

அந்தக் கடைசிப் பக்கத்துக்கு வருபவர் என்ன நிலையில் இருப்பார்? பை எங்கே வைப்பது என்று தெரியும், கலவை தெரியும், எந்த நாளில் எதைச் செய்வது என்று தெரியும். கையில் விதையும் தட்டும்தான் இல்லை. இலவசம் முடியும் அந்த இடத்தில்தான் விற்பனை தொடங்க வேண்டும்.

இங்கே ஒரு நேர்மை விஷயமும் இருக்கிறது. கையேடு தன்னளவில் முழுமையாக இருக்க வேண்டும். தொகுப்பை வாங்காமல், பக்கத்துக் கடையில் விதை வாங்கிப் போட்டாலும் செடி வர வேண்டும். முக்கியமான ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு "மீதியைத் தெரிந்துகொள்ள வாங்குங்கள்" என்றால், படிப்பவர் அதை உடனே மோப்பம் பிடித்துவிடுவார்.

கணக்கில் இது எப்படித் தெரியும் என்று பாருங்கள். ஆறு வாரத்தில் பதிவுப் பக்கத்துக்கு 1,500 பேர் வருகிறார்கள் என்று வைப்போம். நாட்காட்டியைக் காட்டினால் 60 விழுக்காடு, அதாவது 900 பேர் மெயில் கொடுக்கலாம். அவர்களில் 1 விழுக்காடு வாங்கினால் 9 தொகுப்பு. கையேட்டைக் காட்டினால் 40 விழுக்காடு, 600 பேர்தான். ஆனால் அவர்கள் நடப்போகிறவர்கள். 4 விழுக்காடு வாங்கினால் 24 தொகுப்பு. பட்டியல் சிறியது, விற்பனை பெரியது. மெயில் எண்ணிக்கையை மட்டும் பார்த்து மகிழ்பவர் முதல் வழியைத்தான் வெற்றி என்று நினைப்பார். "ஃபாலோ பண்ணி மெயில் கொடுத்தால் குலுக்கலில் பரிசு" என்று சேர்ப்பது இதைவிட மோசம், பரிசுக்கு வந்தவர்கள் பரிசோடு போய்விடுவார்கள்.

24 தொகுப்பு என்றால் விற்பனை 10,776 ரூபாய், மிச்சம் 3,432 ரூபாய். ஏமாற்றமாக இருக்கிறதா? 12,000 ஃபாலோயரை வைத்துக்கொண்டு முதல் தடவையே லட்சம் என்று சொல்பவரைத்தான் நான் நம்ப மாட்டேன். இந்த 24 பேரும் மீதி 576 பேரும் தைப்பட்டத்துக்கும் உங்களோடு இருப்பார்கள் என்பதுதான் இதன் மதிப்பு.

மூன்றாம் படி: அனுப்பும் முகவரியைச் சீர்செய்தல்

இது அலுப்பான வேலை, ஆனால் இதைத் தவிர்த்தால் பின்னால் செய்யும் எல்லாம் ஸ்பேம் பெட்டிக்குள் போய் விழும்.

ஜிமெயில் முகவரியை அனுப்புநராக வைத்து மெயில்சிம்ப், பிரெவோ, மெயிலர்லைட் போன்ற சேவை வழியாக மொத்தமாக அனுப்பாதீர்கள். அந்த மெயில் கூகுளின் சர்வரிலிருந்து கிளம்பவில்லை என்பது பெறும் பக்கத்துக்குத் தெரிந்துவிடும். சொந்தமாக ஒரு டொமைன் வாங்கி, அதில் ஒரு முகவரி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு, மெயில் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்ட அந்தச் சேவை தரும் SPF, DKIM வரிகளை டொமைனின் DNS அமைப்பில் ஒட்ட வேண்டும். அதோடு, அந்தச் சோதனையில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் DMARC வரி ஒன்று:

```
Host:  _dmarc
Type:  TXT
Value: v=DMARC1; p=none; rua=mailto:dmarc@example.in
```

`example.in` இருக்கும் இடத்தில் உங்கள் டொமைன். 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் பயனர்களுக்கு ஒரு நாளில் 5,000-க்கு மேல் அனுப்புபவர்களுக்கு இந்த மூன்றையும், ஒரே தட்டில் விலகும் வசதியையும் கூகுள் கட்டாயமாக்கியது. 600 பேருக்கு அனுப்பும் அக்கா அந்த வரம்புக்குள் வரமாட்டார். இருந்தாலும் செய்துவிடுவது நல்லது. அதே விதியில் இன்னொரு எண் உண்டு. ஸ்பேம் என்று அழுத்துபவர்களின் விகிதம் 0.3 விழுக்காட்டைத் தொடக்கூடாது, 0.1-க்குக் கீழே இருப்பது நல்லது. 600 பேர் பட்டியலில் இரண்டே பேர் அழுத்தினாலும் 0.3-ஐத் தாண்டிவிடும். சின்னப் பட்டியலில் ஒவ்வொருவரும் கனமானவர்.

சரியாக அமைந்ததா என்று பார்க்க, உங்கள் இன்னொரு ஜிமெயிலுக்கு ஒன்றை அனுப்பி, கணினியில் திறந்து, மெனுவில் `Show original` அழுத்துங்கள். மூன்றுக்கும் எதிரே `PASS` என்று வர வேண்டும்.

நான்காம் படி: பதிவுப் பக்கம்

ஒரே பக்கம், ஒரே வேலை. மேலே கையேட்டின் அட்டைப் படம், கீழே "ஆறு பை, ஆறு காய்கறி, முதல் 45 நாள். ஆடிக்கு முன் படிக்க ஆறு பக்கம்" என்று இரண்டு வரி, அதன் கீழே மெயில் முகவரிக்கான கட்டம், ஒரு பொத்தான். மெனு வேண்டாம், மற்ற வீடியோக்களுக்கான இணைப்பு வேண்டாம். போன் எண் கேட்காதீர்கள். எண் கேட்ட உடனேயே "கால் பண்ணி விப்பாங்களோ" என்ற பயம் வந்துவிடும்.

தமிழ் விசைப்பலகையில் தட்டிக்கொண்டிருப்பவருக்கு மெயில் முகவரி எழுதுவது ஒரு இடைஞ்சல். கட்டத்தை இப்படி அமைத்தால் பெரும்பாலான போன்களில் @ குறியோடு ஆங்கில விசைப்பலகை தானாக வரும், முதல் எழுத்து பெரிதாகாது:

```
<input type="email" name="email" inputmode="email"
       autocomplete="email" autocapitalize="none" required>
```

பொத்தானுக்குக் கீழே ஒரு வரி: "கையேட்டை அனுப்புவோம். பிறகு வாரம் ஒரு தோட்டக் கடிதம், பட்டத்துக்கு முன் எங்கள் விதைத் தொகுப்பு பற்றிய தகவலும் வரும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம்." விற்பனை மெயில் வரும் என்பதை இங்கேயே சொல்லிவிடுவது முக்கியம். 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தெளிவான ஒப்புதலைக் கேட்கிறது. அதைவிட, முன்கூட்டியே சொன்னதை யாரும் ஸ்பேம் என்று அழுத்துவதில்லை.

பொத்தானை அழுத்தியதும் கையேட்டை அங்கேயே திறந்து கொடுக்காதீர்கள், மெயில் வழியாக மட்டும் கொடுங்கள். இல்லையென்றால் வாய்க்கு வந்த முகவரியைத் தட்டிவிட்டுக் கையேட்டை எடுத்துக்கொண்டு போவார்கள், `gmial.com` என்று தவறாக அடித்தவர்களும் பட்டியலில் சேர்வார்கள். நன்றிப் பக்கத்தில், "இந்தப் பெயரில் மெயில் வந்திருக்கும். இன்பாக்ஸில் இல்லையென்றால் Promotions பகுதியில் பாருங்கள்" என்று சொல்லி, அவர் கொடுத்த முகவரியைப் பெரிய எழுத்தில் காட்டுங்கள். தப்பாக அடித்திருந்தால் அவரே பார்த்துத் திருத்துவார்.

உறுதிப்படுத்தும் மெயிலை அனுப்பி, அதைத் தட்டிய பிறகே சேர்ப்பது என்ற முறையும் உண்டு. சுத்தமான முறைதான், ஆனால் மெயிலை அபூர்வமாகத் திறப்பவர்கள் அந்த முதல் மெயிலிலேயே தொலைந்துபோவார்கள். கையேட்டு இணைப்பையே உறுதிப்படுத்தலாக வைத்துக்கொண்டு, இரண்டு மாதமாக எதையுமே தட்டாதவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது போதும் என்பது என் கணிப்பு.

ஐந்தாம் படி: மெயில்கள்

முதல் மெயில் பதிவு செய்த நிமிடமே போக வேண்டும். கையேட்டுக் கோப்பையே மெயிலோடு ஒட்டாமல், தட்டித் திறக்கும் சுட்டியாகக் கொடுங்கள். மெயில் கனக்காது, யார் தட்டினார் என்றும் தெரியும். அது இப்படி இருக்கலாம்:

> தலைப்பு: ஆறு பை கையேடு உள்ளே
>
> வணக்கம்ங்க,
>
> நீங்க கேட்ட கையேடு இங்கே இருக்கு. முதல்ல ஒண்ணாம் பக்கத்தை மட்டும் செஞ்சு பாருங்க. நாளைக்குக் காலையில 8 மணி, மதியம் 12, சாயந்தரம் 4 மணின்னு மூணு தடவை மாடிக்குப் போய் வெயில் எங்க விழுதுன்னு ஒரு போட்டோ எடுத்துக்குங்க.
>
> ஒரு கேள்வி: உங்க மாடியில ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வெயில் இருக்கு? இந்த மெயிலுக்கே பதில் போடுங்க, நானே படிக்கிறேன்.

கடைசிக் கேள்வி சும்மா வைத்தது இல்லை. பதில் போட்டவரின் மெயில் பெட்டிக்கு நீங்கள் தெரிந்தவராகிவிடுகிறீர்கள், அடுத்த மெயில்கள் இன்பாக்ஸுக்கு வர அது உதவும். பதில்களே உங்களுக்குச் சரக்கும் ஆகும். பாதிப் பேர் "மூணு மணி நேரம்தான்" என்று எழுதினால், உங்கள் தொகுப்பில் கீரை விதையும் வேண்டும் என்று புரியும்.

இரண்டாம் நாள், மண் கலவை பற்றிய மெயில்: ஈரத்தைக் கையில் பிடித்துப் பார்ப்பது எப்படி என்று ஒரே ஒரு விஷயம். ஐந்தாம் நாள், குழித்தட்டில் விதை முளைக்காமல் போவதற்கான காரணம், பெரும்பாலும் ஆழமாக ஊன்றுவதும் அதிகத் தண்ணீரும். பிறகு ஜூலை வரை வாரம் ஒன்று. இவற்றில் எதிலும் விற்பனை இல்லை. கடைசியில் ஒரு வரி மட்டும்: "ஜூலை 3-ஆம் தேதி ஆடிப்பட்டத் தொகுப்பு திறக்கும்."

தமிழ்த் தலைப்புக்கு ஒரு எச்சரிக்கை. போன் திரையில் தமிழ் எழுத்து அகலமாக இடம் பிடிக்கும், பாதிக்கு மேல் வெட்டுப்பட்டுவிடும். சொல்ல வந்ததை முதல் நான்கு சொல்லுக்குள் வையுங்கள். அழகான தமிழ் எழுத்துருவில் முழு மெயிலையும் படமாகச் செய்து அனுப்பும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். படம் திறக்காத போனில் வெற்றுக் கட்டம்தான் தெரியும்.

விற்பனை வாரத்தில் ஐந்து மெயில். ஜூலை 3-ல், என்ன இருக்கிறது, என்ன விலை, எங்கே வாங்குவது என்று நேராக. 5-ஆம் தேதி, வந்த சந்தேகங்களுக்குப் பதில்: "எனக்கு பால்கனிதான் இருக்கு, வருமா?", "விதை முளைக்கலன்னா?" 8-ஆம் தேதி, யார் இதை வாங்க வேண்டாம் என்று ஒரு மெயில். வெயில் நான்கு மணி நேரத்துக்குக் குறைவாக இருப்பவர், ஆகஸ்டில் பத்து நாள் ஊருக்குப் போகிறவர், ஏற்கெனவே விதை சேர்த்து வைத்திருப்பவர் வாங்கத் தேவையில்லை என்று எழுதுங்கள். அக்கா தயங்குவார். ஆனால் அரைமனதோடு வாங்கியவர்தான் பிறகு பணத்தைத் திருப்பிக் கேட்பார். 10-ஆம் தேதி காலையில் ஒன்று, இரவு ஏழு மணிக்குச் சுருக்கமாக ஒன்று, அதோடு முடிந்தது. முடிந்த பிறகு "உங்களுக்காக நீட்டித்தோம்" என்று ஜூலை 11-ல் அனுப்பினால், அடுத்த பட்டத்தில் உங்கள் கெடுவை யாரும் மதிக்க மாட்டார்கள்.

வாங்கியவருக்கு "வாங்கியவர்" என்று குறி வைத்து, மீதி விற்பனை மெயில்கள் அவருக்குப் போகாமல் நிறுத்துங்கள். பணம் கட்டியவருக்கு மறுநாள் "இன்னும் வாங்கவில்லையா?" என்று மெயில் போனால், பணம் வந்து சேரவில்லையோ என்று பயந்து உங்களுக்கு போன் வரும்.

ஆறாம் படி: புனலின் மேல் வாய்

ரீலின் விளக்கத்தில் போடும் இணைப்பைத் தட்ட முடியாது. ஆகவே பயோவில் ஒரே இணைப்பு, ஸ்டோரியில் இணைப்பு ஸ்டிக்கர், ரீலில் "கையேடு வேணும்னா ‘ஆடி’ன்னு கமென்ட் பண்ணுங்க" என்ற அழைப்பு, கமென்ட் போட்டவருக்கு நேரடிச் செய்தியில் இணைப்பு. பயோவில் ஐந்து இணைப்புவரை வைக்கலாம், அந்த ஆறு வாரத்துக்கு ஒன்று போதும்.

எல்லா ரீலும் கையேட்டில் இருக்கும் ஒரு துண்டைக் காட்டட்டும். வெயில் பார்க்கும் முறையை ரீலாகச் செய்து, "மண் கலவையும் நாள் கணக்கும் கையேட்டில்" என்று முடிக்கலாம். சமையலறைக் கழிவு உரம் பற்றி ஓஹோவென ஓடும் ஒரு ரீல் வேறு ஆட்களைத்தான் கூட்டி வரும்.

எங்கிருந்து வந்தார் என்று அறிய ஒவ்வோர் இடத்துக்கும் தனி இணைப்பு:

```
https://example.in/aadi?utm_source=instagram&utm_medium=story
https://example.in/aadi?utm_source=instagram&utm_medium=dm
```

எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பது

மெயிலைத் திறந்தவர் விழுக்காட்டை நம்பிவிடாதீர்கள். 2021-ல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த அந்தரங்கப் பாதுகாப்பு, மெயிலை யாரும் படிக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. அது "திறந்தார்" என்று பதிவாகும். பக்கத்துக்கு வந்தவர், மெயில் கொடுத்தவர், பதில் போட்டவர், வாங்கியவர் என்ற நான்கு எண்களைத் தாளில் எழுதி வைத்தாலே போதும்.

பக்கத்துக்கு வருபவர் நிறைய, மெயில் கொடுப்பவர் குறைவு என்றால் ரீலில் சொன்னதும் பக்கத்தில் இருப்பதும் ஒன்றாக இல்லை. ரீலில் "ஆறு பை" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் "இயற்கை வாழ்வியல் வழிகாட்டி" என்றிருந்தால் வந்தவர் குழம்பித் திரும்பிவிடுவார். மெயில் நிறையச் சேர்கிறது, பதிலே வரவில்லை என்றால் மெயில்கள் ஸ்பேமில் விழுகின்றன, இல்லையென்றால் நாட்காட்டிக் கூட்டம் சேர்ந்திருக்கிறது. நாலைந்து தெரிந்தவர்களிடம் "எந்தப் பெட்டியில வந்திருக்கு?" என்று கேட்டாலே எது என்று தெரிந்துவிடும்.

எல்லாம் சரி, வாங்கும் பொத்தானையும் தட்டுகிறார்கள், பணம் மட்டும் வரவில்லையா? இன்ஸ்டாகிராம் தனக்குள்ளேயே திறக்கும் உலாவியைச் சந்தேகியுங்கள். அதற்குள்ளிருந்து ஜிபே, போன்பே போன்ற செயலிக்குத் தாவுவது பல நேரம் சிக்கிக்கொள்ளும், சேமித்து வைத்த முகவரியும் தானாக நிரம்பாது. உங்கள் போனிலேயே ஸ்டோரி இணைப்பைத் தட்டி, ஒரு ரூபாய்க்கு ஒரு சோதனைப் பொருள் வைத்து, கடைசிவரை வாங்கிப் பாருங்கள். சிக்கினால், பணம் கட்டும் பக்கத்தில் க்யூஆர் குறியீட்டையும் யுபிஐ முகவரியையும் கூடவே வையுங்கள். விற்பனை இணைப்பை முதலில் மெயிலில் கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜூலை 10-க்குப் பிறகு

இங்கேதான் பலர் படுத்துவிடுகிறார்கள். விற்பனை முடிந்ததும் மெயில் நின்றுவிடும். தை பிறக்கப்போகிறது என்று ஜனவரியில் திடீரென ஒரு விற்பனை மெயில் வரும்போது, பெறுபவருக்கு நீங்கள் யாரென்றே நினைவிருக்காது. ஸ்பேம் பொத்தான் அப்போதுதான் அழுத்தப்படும்.

வாங்காதவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு கடிதம் போதும். வாங்கியவர்களுக்கு மெயிலைச் செடியின் நாளோடு கட்டிவிடுங்கள். பார்சல் சேர்ந்த மறுநாள், விதைப்பது பற்றி. பத்தாம் நாள், "தக்காளி முளைச்சிருக்கும், மிளகாய் இன்னும் வரலன்னா கவலைப்படாதீங்க, அது மெதுவாத்தான் வரும்" என்று. முளைக்காத மிளகாயைப் பார்த்து அவர் கோபப்படப்போகும் நாளுக்கு முன்பே இது போய்விட வேண்டும். இருபத்தைந்தாம் நாள், நாற்றை மாற்றி நடும் முறை. நாற்பத்தைந்தாம் நாளை ஒட்டி வெண்டை காய்க்கத் தொடங்கியிருக்கும். அன்று போகும் மெயிலில் விற்பனை எதுவும் இல்லை, ஒரு கோரிக்கை மட்டும்: "முதல் வெண்டைக்காயை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, உங்க அனுமதியோட நம்ம பக்கத்துல போடுறேன்." தைப்பட்டத்துக்கான முதல் ரீலை அக்கா அந்தப் போட்டோக்களை வைத்துத்தான் செய்வார்.